முதல் வேலையில் இஎஸ்ஐ எண்: பதிவு செய்வது, ஆதாரையும் வங்கிக் கணக்கையும் இணைப்பது, பின்னால் பணம் நிற்காமல் பார்த்துக்கொள்வது

பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலை, கடை அல்லது அலுவலகத்தில், மாதம் 21,000 ரூபாய் வரையிலான சம்பளத்தில் முதன்முறையாகச் சேருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கு இந்த வரம்பு 25,000 ரூபாய். அப்படிச் சேருகிறவரை நிறுவனம் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்தில், அதாவது இஎஸ்ஐயில், பதிவு செய்ய வேண்டும். பதிவானதும் பத்து இலக்கக் காப்பீட்டு எண் ஒன்று கிடைக்கும். நிறுவனம் மாறினாலும் ஊர் மாறினாலும் வாழ்நாள் முழுவதற்கும் அந்த ஒரே எண்தான்.

ஒரு பனியன் கம்பெனியின் சம்பளப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தேன். புதிதாக வந்தவர்களின் விவரங்களைப் பதிவு செய்வது என் வேலை. பதிவில் நேர்ந்த சிறு பிழை, காய்ச்சலில் படுத்த பிறகோ பிரசவத்துக்குப் போன பிறகோதான் வெளியே வரும் என்பதை அங்கே திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படி சரியாக இருப்பதை நம்பியே நிற்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சேர்ந்த சில வாரங்களில் மூன்று எண்கள் உங்கள் கண்ணில் படும். பத்து இலக்கம் இருந்தால் அது உங்கள் இஎஸ்ஐ எண். பன்னிரண்டு இலக்கமும் UAN என்ற பெயரும் இருந்தால் அது வருங்கால வைப்புநிதியைச் சேர்ந்தது. பதினேழு இலக்கம் இருந்தால் அது உங்கள் நிறுவனத்தின் குறியீடு. இந்த மூன்றையும் மாற்றிச் சொல்லி மருந்தக வரிசையிலிருந்து திரும்பி வந்தவர்கள் பலர்.

1. சேருவதற்கு முன்: ஆதாரைச் சரிபாருங்கள்

பதிவில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருப்பதை ஒட்டியே போகும். ஆகவே ஆதாரில் பிழை இருந்தால் வேலையில் சேருவதற்கு முன்பே திருத்திவிடுங்கள். பிழையான ஆதாரை வைத்துப் பதிவு செய்துவிட்டு ஆதாரைப் பிறகு திருத்தினால், இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத நிலையை நீங்களே உருவாக்குகிறீர்கள்.

நம் ஊரில் பெரும்பாலான சிக்கல் தலைப்பெழுத்தில்தான் பிறக்கிறது. பள்ளிச் சான்றிதழில் "க. மாலதி", ஆதாரில் "மாலதி கந்தசாமி", வங்கிப் புத்தகத்தில் "மாலதி கே" என்று ஒரே பெண் மூன்று பெயர்களில் இருப்பார். நமக்கு அது ஒரே ஆள்தான் என்று தெரியும். கணினிக்குத் தெரியாது. ஆதாரில் இருக்கும் ஆங்கில எழுத்து வடிவத்தையே அடிப்படையாக வைத்துக்கொண்டு, வங்கிக் கணக்கை அதற்கு ஏற்ப மாற்றுவதுதான் எளிது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரே முறையும்தான் மாற்ற முடியும். எனவே அவசரத்தில் அந்த வாய்ப்பைச் செலவழித்துவிடாதீர்கள்.

அடுத்து, ஆதாருடன் இணைந்திருக்கும் கைபேசி எண் இப்போது உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இணைக்கும்போது ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். அது பழைய எண்ணாகவோ அண்ணனின் எண்ணாகவோ இருந்தால், முதலில் ஆதார் சேவை மையத்துக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள்.

2. பழைய எண் இருக்கிறதா என்று யோசியுங்கள்

"இதுதான் என் முதல் வேலை" என்று நினைக்கும் பலருக்கு இது முதல் வேலை அல்ல. பன்னிரண்டாம் வகுப்பு விடுமுறையில் இரண்டு மாதம் துணிக்கடையில் நின்றிருப்பார்கள், அல்லது ஒப்பந்தக்காரர் மூலம் ஏதாவது ஆலையில் ஒரு ஷிப்ட் பார்த்திருப்பார்கள். அப்போதே ஒரு எண் போடப்பட்டிருக்கலாம். பழைய சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ பிடித்தம் இருந்ததா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் அந்த இடத்தில் கேட்டு எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு சேருங்கள். இதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதை ஏழாவது படியில் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

3. பதிவு செய்யும்போது பக்கத்தில் உட்காருங்கள்

நிறுவனம் உங்களைச் சேர்ந்த பத்து நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்பவர் ஒரு நாளில் முப்பது பேருக்குச் செய்வார். அவர் நல்லவராக இருந்தாலும் வேகத்தில் தவறு வரும். "நானும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்" என்று கேட்டு, சமர்ப்பிப்பதற்கு முன் திரையைப் பாருங்கள். மற்றவற்றைவிட நான்கு இடங்களில் நிதானம் தேவை.

முதலாவது, Date of Appointment. ஆகஸ்ட் 12 அன்று சேர்ந்தவரை, மாதக் கடைசியில் மொத்தமாகப் பதிவு செய்யும்போது செப்டம்பர் 1 என்றோ அக்டோபர் 1 என்றோ போட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இந்தத் தேதியிலிருந்துதான் உங்கள் உரிமைகள் எண்ணப்படுகின்றன. ஆறாவது படியில் இதன் விலை என்னவென்று தெரியும். பணியில் காயம்பட்டால் கிடைக்கும் உதவிக்குக் காத்திருப்புக் காலமே கிடையாது, முதல் நாளிலேயே உண்டு. ஆனால் சேர்ந்த தேதி தவறாக இருந்து, அந்தத் தேதிக்கு முன் விபத்து நடந்திருந்தால், விசாரணை முடியும்வரை பணம் நிற்கும். உங்கள் நியமனக் கடிதத்தையும் வருகைப் பதிவின் நகலையும் பத்திரமாக வைத்திருப்பது இதற்காகத்தான்.

இரண்டாவது, குடும்பத்தினர். மணமானவர் என்றால் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உங்களையே சார்ந்து வாழும் பெற்றோர் ஆகியோரை இங்கே சேர்க்க வேண்டும். மணமாகாதவர்கள் "எனக்கு யாரும் இல்லை" என்று இந்தப் பகுதியைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் மாத்திரை மாதாமாதம் மருந்தகத்திலேயே வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர்களுக்கு ஓராண்டு கழித்துத் தெரிகிறது. ஒவ்வொருவரின் பெயரையும் பிறந்த தேதியையும் அவரவர் ஆதாரைப் பார்த்தே எழுதுங்கள்.

மூன்றாவது, மருந்தகம். குடும்பத்தினர் உங்களோடு வசிக்கிறார்களா என்று ஒரு கேள்வி வரும். திருப்பூரில் விடுதியில் தங்கி வேலை பார்க்கிறீர்கள், பெற்றோர் விழுப்புரம் பக்கம் இருக்கிறார்கள் என்றால், "இல்லை" என்று குறித்து அவர்கள் இருக்கும் மாவட்டத்தைக் கொடுங்கள். "ஆம்" என்று போட்டால் அம்மாவின் பெயரும் உங்கள் மருந்தகத்திலேயே பதிவாகும், அவர் மாத்திரைக்காகத் திருப்பூர் வர வேண்டியிருக்கும். உங்களுக்கும் ஆலைக்குப் பக்கத்து மருந்தகத்தை அல்ல, தங்கும் இடத்துக்குப் பக்கத்து மருந்தகத்தைத் தேர்ந்தெடுங்கள். காய்ச்சலில் கிடக்கும்போது ஆலைவரை யாரும் போகமாட்டார்கள்.

நான்காவது, கைபேசி எண். ஒப்பந்தக்காரர்கள் தங்கள் கீழ் இருக்கும் ஐம்பது பேருக்கும் தன் எண்ணையே கொடுத்துவிடுவது உண்டு. பிறகு உங்கள் பிடித்தம், உங்கள் விண்ணப்பம் பற்றிய செய்தி எல்லாம் அவருக்குத்தான் போகும். உங்கள் எண்ணையே கொடுங்கள்.

இவற்றோடு வாரிசுதாரர் பெயரையும் விடாமல் நிரப்புங்கள். பெற்றோரில் ஒருவரைப் போட்டிருந்தால், திருமணத்துக்குப் பின் மறந்துவிடாமல் மாற்றவும்.

4. எண் வந்த அதே வாரத்தில்

பதிவு முடிந்ததும் e-Pehchan Card என்ற அட்டையை நிறுவனம் அச்சிட்டுத் தர முடியும். அதில் குடும்பப் புகைப்படத்தை ஒட்டி, நிறுவனத்தின் கையொப்பத்தையும் முத்திரையையும் வாங்குங்கள். முத்திரையில் பாதி படத்தின் மேலும் பாதி தாளின் மேலும் விழும்படி கேளுங்கள். தாளில் மட்டும் முத்திரை இருந்தால் படத்தைப் பிறகு மாற்றி ஒட்டியிருக்கலாம் என்ற சந்தேகம் வரும்.

பிறகு ஆதாரை ஒரு கையிலும் அட்டையை மறு கையிலும் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, பாலினம், சேர்ந்த தேதி, மருந்தகம் என்று இந்த வரிசையில் பாருங்கள். பிழை இருந்தால் அன்றைக்கே நிறுவனத்திடம் சொல்லுங்கள். இப்போது நிறுவனத்துக்கு உங்களோடு உறவு இருக்கிறது, ஆவணங்கள் மேசைமேல் இருக்கின்றன. மூன்று ஆண்டுகள் கழித்து அதே நிறுவனம் மூடிக் கிடந்தால், கையொப்பம் வாங்க ஆள் இருக்காது.

5. இணைப்பது: முதலில் பெயர், அடுத்து ஆதார், கடைசியில் வங்கி

வரிசைக்குக் காரணம் இருக்கிறது. ஆதாரை இணைக்கும்போது பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றும் ஒப்பிடப்படும். பதிவில் பிழையோடு முயன்றால் இணைப்பு நிராகரிக்கப்படும். ஆகவே நான்காவது படி முழுமையாக முடிந்த பிறகே இதற்கு வாருங்கள்.

www.esic.gov.in தளத்தில் காப்பீட்டாளருக்கான உள்நுழைவு இருக்கிறது. காப்பீட்டு எண்ணையும் கைபேசி எண்ணையும் கொண்டு உங்களுக்கென ஒரு கணக்கை உருவாக்கிக்கொள்ளுங்கள். அரசின் UMANG செயலியிலும் இஎஸ்ஐ சேவைகள் கிடைக்கும். ஆதார் எண்ணைக் கொடுத்து ஓடிபி மூலம் உறுதி செய்யுங்கள். குடும்பத்தினரின் ஆதாரையும் அப்போதே சேர்த்துவிடுங்கள். குழந்தை பிறந்தால், பிறப்புச் சான்றிதழ் கிடைத்ததும் பெயரைச் சேர்க்க வேண்டும்.

கடைசியாக வங்கிக் கணக்கு. மருத்துவ விடுப்புக்கான பணம், பேறுகாலப் பணம் எல்லாம் நேரடியாகக் கணக்குக்கே வரும். கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், அப்பாவின் பெயரில் அல்ல. ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் இரண்டு தவறுகளை அடிக்கடி பார்த்தேன். பதினொரு எழுத்துள்ள அந்தக் குறியீட்டில் ஐந்தாவது இடத்தில் இருப்பது சுழியம். அதை ஆங்கில ஓ எழுத்தாக அடித்துவிடுவார்கள். இன்னொன்று, பழைய பாஸ்புக்கைப் பார்த்து எழுதுவது. லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைந்தது. சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கி யூனியன் வங்கியோடும் இணைந்தன. அந்த வங்கிகளின் பழைய புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் குறியீடு இன்று உதவாது. வங்கிக்குப் போய்ப் புதிய பாஸ்புக் வாங்கி, அதைப் பார்த்து எழுதுங்கள்.

6. முதல் பிடித்தம் போய்ச் சேர்ந்ததா?

உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கப்படும், நிறுவனம் தன் பங்காக 3.25 சதவீதம் செலுத்தும். 14,000 ரூபாய் சம்பளம் என்றால் உங்கள் பங்கு 105, நிறுவனத்தின் பங்கு 455. இதை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஆகவே 15 தாண்டியதும் உங்கள் கணக்கில் நுழைந்து, அந்த மாதத்துக்கு எத்தனை நாள் சம்பளம் காட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தொகையைவிட நாட்கள்தான் உங்களுக்கு முக்கியம். ஏனென்றால் உரிமை நாட்கணக்கில்தான் பிறக்கிறது.

அந்தக் கணக்கு இப்படி. ஆண்டு இரண்டு பங்களிப்புக் காலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் கிடைக்கும். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. ஒரு பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்குப் பங்களிப்பு இருந்தால், அதற்குரிய பலன் காலத்தில் நோயுற்று விடுப்பு எடுக்கும்போது சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அடுத்தடுத்த இரு பலன் காலங்களில் மொத்தம் 91 நாட்கள்வரை பெறலாம். பேறுகாலப் பலனுக்கு, முந்தைய இரு பங்களிப்புக் காலங்களில் சேர்த்து 70 நாட்கள் போதும். மருந்தகச் சிகிச்சைக்கு இந்தக் காத்திருப்பு இல்லை.

முதன்முறை சேர்ந்தவருக்கு ஒரு தனி விதி உண்டு. சேர்ந்த தேதியிலிருந்து ஒன்பது மாதம் முடிந்ததும் முதல் பலன் காலம் தொடங்கும். முதல் பங்களிப்புக் காலம் குறுகியதாக இருந்தால் 78 நாள் கேட்பதில்லை, அந்தக் காலத்தின் வேலை நாட்களில் பாதிக்குப் பங்களிப்பு இருந்தால் போதும். ஆகஸ்ட் 12 அன்று சேர்ந்தவருக்கு மே 12 முதல் ஜூன் 30 வரை முதல் பலன் காலம். அவரையே அக்டோபர் 1 என்று பதிவு செய்திருந்தால் பலன் ஜூலை 1 அன்றுதான் தொடங்கும். மூன்றாவது படியில் சொன்ன தேதிப் பிழையின் விலை இந்த ஐம்பது நாட்கள். மே மாதத்தில் அம்மை போட்டுப் படுத்தால், ஒரு ரூபாயும் கிடைக்காது.

7. வேலை மாறும்போது: எண்ணை நீங்களே கொடுங்கள்

புதிய நிறுவனத்தில் பதிவு செய்யும்போது, ஏற்கெனவே காப்பீட்டு எண் இருக்கிறதா என்ற கேள்வி திரையில் வரும். பதிவு செய்பவர் உங்களைக் கேட்காமல் "இல்லை" என்று தட்டினால் இரண்டாவது எண் பிறந்துவிடும். சேரும் நாளிலேயே அட்டையின் நகலைக் கொடுத்து, "இந்த எண்ணிலேயே சேருங்கள்" என்று சொல்லுங்கள்.

சொல்லாததால் என்ன நடந்தது என்பதற்கு, எங்களிடம் சேர்ந்த ஒரு தையல் தொழிலாளியின் கணக்கைச் சொல்கிறேன். அவர் முந்தைய இடத்திலிருந்து ஜூன் 20 அன்று விலகி, ஜூலை 5 அன்று எங்களிடம் வந்தார். பழைய எண்ணைப் பற்றி நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. புதிய எண் போட்டோம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் பழைய எண்ணில் 66 நாட்கள், புதிய எண்ணில் 70 நாட்கள்.

பிப்ரவரியில் அவருக்கு டைபாய்டு வந்து மூன்று வாரம் படுக்கையில் இருந்தார். மருத்துவச் சான்றிதழை எடுத்துக்கொண்டு கிளை அலுவலகத்துக்குப் போனபோது, பணம் வராது என்றார்கள். பழைய எண்ணில் 66 நாட்கள்தான், 78 இல்லை. புதிய எண்ணிலோ அவர் ஜூலை 5 அன்று வாழ்க்கையில் முதன்முறையாக வேலைக்கு வந்தவராக இருந்தார். ஒன்பது மாதம் ஏப்ரல் 5 அன்றுதான் முடியும், பலனும் அன்றுதான் தொடங்கும். இரு பக்கமும் விதிப்படி சரியான பதில்தான். ஆனால் உண்மையில் அவர் உழைத்தது 136 நாட்கள்.

தீர்வு இருந்தது. இரண்டு எண்களும் ஒரே ஆளுடையவை என்று நிறுவனத்தின் முகப்புத் தாளில் கடிதம் எழுதி, ஆதார் நகல், இரண்டு அட்டைகளின் நகல், இரு இடங்களின் சம்பளச் சீட்டுகள், பழைய நிறுவனத்தில் விலகிய தேதிக்கான சான்று ஆகியவற்றோடு கிளை அலுவலகத்தில் கொடுத்தோம். இவற்றில் பழைய நிறுவனத்தின் சான்றுக்குத்தான் அதிக நாள் அலைந்தோம். அவர் பெயர் அங்கே தலைப்பெழுத்தோடும், எங்களிடம் தந்தை பெயரோடும் இருந்ததால், அதற்கென இன்னொரு கடிதமும் தேவைப்பட்டது. எண்கள் பழைய எண்ணின் கீழ் ஒன்றானதும் 136 நாட்கள் ஒரே இடத்தில் தெரிந்தன, விடுப்புப் பணமும் அனுமதிக்கப்பட்டது. முதல் இரண்டு நாட்களுக்கு மட்டும் கிடைக்கவில்லை, அவை விதிப்படியே காத்திருப்பு நாட்கள்.

அவர் அந்த மூன்று வாரத்துக்கு வட்டிக்கு வாங்கியிருந்தார். பணம் வந்தபோது வட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிறகு எங்கள் சேர்க்கைப் படிவத்தின் முதல் வரியாக, "இதற்கு முன் எங்காவது ஒரு நாளாவது வேலை செய்தீர்களா?" என்ற கேள்வியைப் போட்டோம். "இஎஸ்ஐ எண் உண்டா?" என்று கேட்டால் பலரும் இல்லை என்றே சொல்கிறார்கள். இப்படிக் கேட்டால் பழைய கடையின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள்.

உங்கள் கோரிக்கை எங்காவது நின்றால் முதலில் நிறுவனம், அடுத்து உங்கள் பகுதிக் கிளை அலுவலகம், அங்கேயும் நகரவில்லை என்றால் இஎஸ்ஐயின் கட்டணமில்லா எண் 1800-11-2526. எங்கே போனாலும் மனு கொடுத்ததற்கு ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், நகலில் தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.